பத்துப் பட்டைகளின் கணக்கு

சுமை ஏற்றி நிற்கும் லாரியின் பின்சக்கரத்துக்கு உள்பக்கமாகக் குனிந்து பார்த்தால் ஒரு பட்டைக்கட்டு தெரியும். எட்டோ பத்தோ இரும்புப் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மேலே இருப்பது மிக நீளம். கீழே போகப்போக நீளம் குறைந்துகொண்டே வரும். நடுவில் ஒரு சென்டர் போல்ட் எல்லாப் பட்டைகளையும் துளைத்துச் செல்கிறது. அதற்கு இருபுறமும் இரண்டு யூ போல்ட்டுகள் மொத்தக் கட்டையும் ஆக்சிலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கின்றன. மெயின் பட்டையின் இரு நுனிகளும் சுருட்டப்பட்டுக் கண்களாகியிருக்கும். முன்கண் சேஸிஸில் ஒரு பின் கொண்டு மாட்டப்பட்டிருக்கும். பின்கண் ஷேக்கிள் என்ற சிறிய ஊஞ்சல் துண்டில் தொங்கும். பட்டை நிமிரும்போது இரு கண்களுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், ஒரு முனையாவது நகர இடம் வேண்டும். அந்த இடத்தை ஷேக்கிள் தருகிறது.

இதைப் பார்க்கிறவர்களுக்கு எழும் முதல் கேள்வி, இத்தனை பட்டைகள் எதற்கு என்பதுதான். பலம் வேண்டும், அதனால் பல பட்டைகள் என்று பெரும்பாலோர் பதில் சொல்வார்கள். அது சரியல்ல. பலம் மட்டும் வேண்டுமென்றால் பத்துப் பட்டைகளின் கனத்துக்கும் சேர்த்து ஒரே கட்டியாக இரும்பை வார்த்து வைத்துவிடலாம். அது பட்டைக்கட்டைவிடப் பத்து மடங்கு பலமாக இருக்கும். ஆனால் அது வளையாது. வளையாத இரும்புக்கு லாரியின் அடியில் வேலையே இல்லை. உடையாமல் நிறைய வளைய வேண்டும் என்பதற்காகத்தான் இரும்பைப் பட்டைகளாக்கி அடுக்குகிறார்கள்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஆறு சக்கரம் கொண்ட இரண்டு ஆக்சில் லாரியை எடுத்துக்கொள்வோம். அதன் பின் ஆக்சிலுக்கு இந்தியாவில் நெடுநாள் இருந்த சட்ட வரம்பு 10.2 டன். இதில் ஆக்சில், சக்கரங்கள், பிரேக் டிரம் எல்லாம் சேர்ந்து சுமார் ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். இவை பட்டைக்குக் கீழே இருப்பவை. இவற்றின் எடை பட்டைமேல் விழாது. மீதி 9.2 டன்னை இரண்டு பக்கத்துக் கட்டுகளும் பகிர்ந்துகொண்டால், ஒரு கட்டின் பங்கு 4,600 கிலோ. கட்டில் பத்துப் பட்டைகள். ஒவ்வொன்றும் 80 மி.மீ. அகலம், 14 மி.மீ. கனம், கண்ணிலிருந்து கண்வரை கட்டின் நீளம் 1,400 மி.மீ. என்று கொள்வோம்.

கட்டின் நடுவை ஆக்சில் கீழிருந்து மேலே தள்ளுகிறது. இரண்டு கண்களிலும் சேஸிஸ் தலைக்கு 2,300 கிலோ வீதம் கீழே அழுத்துகிறது. ஆகவே கட்டின் ஒரு பாதியை, நடுவில் இறுக்கிப் பிடிக்கப்பட்டு நுனியில் சுமை தாங்கும் 700 மி.மீ. நீளக் கை என்று பார்க்கலாம். நுனிச் சுமையை நீளத்தால் பெருக்கினால் கிடைப்பது நடுப்பகுதியை வளைக்க முயலும் திருப்புத்திறன். அதைப் பத்துப் பட்டைகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதாக வைத்துக் கணக்கிட்டால், பட்டையின் மேற்பரப்பில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 61 கிலோ இழுவிசை வருகிறது. பொறியியல் அலகில் இது ஏறக்குறைய 600 மெகாபாஸ்கல் தகைவு. ஒரு சதுர மில்லிமீட்டர் என்பது குண்டூசித் தலையைவிடச் சிறிய இடம். அங்கே ஓர் ஆளின் எடை தொங்குகிறது. இது வெறும் நிற்கும் சுமைக்கான கணக்கு. வண்டி இன்னும் ஓடவே தொடங்கவில்லை.

இழுவிசை மேற்பரப்பில்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டின் நடுவைக் கீழிருந்து தாங்கி, நுனிகளை மேலிருந்து அழுத்தினால், ஒவ்வொரு பட்டையின் மேல்முகமும் நீள்கிறது, கீழ்முகம் சுருங்குகிறது. இரும்பு அழுத்தத்துக்கு எளிதில் விரிசல் விடாது, இழுவைக்குத்தான் விடும். அதனால் பட்டையில் விரிசல் பெரும்பாலும் மேல்முகத்தில்தான் பிறக்கும். பட்டை செய்யும் ஆலைகளில் மேல்முகத்தின்மீது மட்டும் சிறு எஃகுக் குண்டுகளை வேகமாகப் பொழிகிறார்கள். கோடிக்கணக்கான சிறு அடிகளால் அந்த முகத்தின் தோல் மட்டும் நசுங்கி, நிரந்தரமான அழுத்தத்தில் நிற்கும். பிறகு சுமை ஏறி இழுக்கும்போது, முதலில் அந்த அழுத்தத்தைத் தீர்த்துவிட்டுத்தான் இழுவை தொடங்க முடியும். அதே எஃகு, அதே கனம்; ஆனால் ஆயுள் பல மடங்கு கூடிவிடுகிறது.

இனி எவ்வளவு தாழும் என்று பார்ப்போம். மேலே சொன்ன அளவுகளுக்கு, முழுச் சுமையில் கட்டு சுமார் 103 மி.மீ. தாழும். யூ போல்ட்டுகளுக்கு நடுவில் சிக்கிய பகுதி வளையாது என்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும்; கணக்குக்கு 103 என்றே வைத்துக்கொள்வோம். இந்த எண்ணைத் தரும் சூத்திரம் மிகச் சிறியது. எனக்குத் தெரிந்தவரை பட்டைக்கட்டின் முழு ரகசியமும் இதற்குள் இருக்கிறது:

δ = σ L² / (E t)

δ என்பது தாழ்வு, σ தகைவு, L கையின் நீளம், t ஒரு பட்டையின் கனம். E என்பது யங் குணகம். எந்த எஃகாக இருந்தாலும் இதன் மதிப்பு பெரிதாக மாறாது, சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 21,000 கிலோ. இந்தச் சூத்திரத்தில் எது இல்லை என்று பாருங்கள். பட்டையின் அகலம் இல்லை. பட்டைகளின் எண்ணிக்கையும் இல்லை. ஒரு கட்டு எவ்வளவு வளையலாம் என்பதை முடிவு செய்பவை நீளமும், கனமும், அந்த எஃகு தாங்கும் தகைவும் மட்டுமே. அகலமும் எண்ணிக்கையும், அந்த அளவுக்கு வளைக்க எத்தனை கிலோ வேண்டும் என்பதைத்தான் முடிவு செய்கின்றன.

காரணம் இதுதான். ஒரு பட்டையை வளைத்தால் அதன் நடுக்கோடு நீளம் மாறாமல் இருக்கிறது, மேல்முகம் நீள்கிறது. எவ்வளவு நீள்கிறது என்பது, மேல்முகம் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 14 மி.மீ. பட்டையில் அந்த விலகல் 7 மி.மீ. நம் கட்டு 103 மி.மீ. தாழும்போது அதன் வளைவு மாறும் அளவு, 2.4 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஒரு நேர்ப்பட்டையை வளைப்பதற்குச் சமம். 7 மி.மீ.யை 2,380 மி.மீ.யால் வகுத்தால் ஆயிரத்துக்கு மூன்று. அதாவது மேல்முகம் மீட்டருக்கு 3 மி.மீ. நீள்கிறது. அதை யங் குணகத்தால் பெருக்கினால் அதே 61 கிலோ வந்துவிடும். இப்போது 140 மி.மீ. கனமுள்ள ஒரே கட்டியை இதே அளவுக்கு வளைப்பதாக நினையுங்கள். மேல்முகம் நடுக்கோட்டிலிருந்து 70 மி.மீ. தள்ளி இருக்கிறது, தகைவு பத்து மடங்கு, 600 கிலோவுக்கு மேல். வில் எஃகு நிரந்தரமாக வளைந்துபோகத் தொடங்குவதே சதுர மில்லிமீட்டருக்கு 120, 130 கிலோவில். அந்தக் கட்டி அவ்வளவு தூரம் வளைவதற்கு நெடுமுன்பே உடைந்துவிடும். நல்லவேளை, 4,600 கிலோ சுமைக்கு அது வளையவும் வளையாது: ஒரு மில்லிமீட்டர்கூடத் தாழாது.

பட்டைகள் தனித்தனியாக இருப்பது மட்டும் போதாது, அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் வேண்டும். தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றை வளைத்தால் தாள்கள் வழுக்கி, ஓரம் படிபடியாக விலகுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தாள்களைப் பசை தடவி ஒட்டிக் காயவைத்தால் வளைக்கவே முடியாது. பட்டைகளிலும் அதே வழுக்கல்தான் நடக்கிறது. ஒவ்வொரு பட்டையும் தன் சொந்த நடுக்கோட்டைச் சுற்றி வளைகிறது. பக்கத்துப் பட்டையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. இரண்டு பட்டைகளுக்கு நடுவில் துரு ஏறி இறுகிவிட்டால், கட்டு மெல்லமெல்லக் கட்டியின் குணத்துக்குப் போகிறது.

வழுக்கும் இடத்தில் உராய்வு உண்டு. அது முழுக்கத் தீமை அல்ல. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு, வண்டி ஆடிக்கொண்டே இருக்காமல் அடங்குவதற்கு இந்த உராய்வும் ஒரு காரணம். ஆனால் அதற்கு விலை உண்டு. சாலையின் சிறு மேடுபள்ளங்கள் தரும் விசை உராய்வை மிஞ்சும் அளவுக்கு இல்லையென்றால் பட்டை நகரவே நகராது. அந்த அதிர்வு நேராகச் சேஸிஸுக்குப் போய்விடும். காலி வண்டியில் இது நன்றாகத் தெரியும். காலி வண்டியின் குலுக்கலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சுமை இல்லாதபோது ஒரு கட்டின் மேல் ஆயிரம் கிலோதான் நிற்கிறது என்றால், தாழ்வு 22 மி.மீ. மட்டுமே. ஒரு வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது இந்தத் தாழ்வைப் பொறுத்தது. முழுச் சுமையில் 103 மி.மீ. தாழ்ந்த வண்டி நொடிக்கு ஒன்றரை முறை ஆடும்; அது உடம்பு பொறுத்துக்கொள்ளும் ஆட்டம். 22 மி.மீ. தாழ்ந்த காலி வண்டி நொடிக்கு மூன்று முறைக்கு மேல் ஆடும். முதுகெலும்புக்கு அது ஆகாது. இதைக் குறைக்கத்தான் பல வண்டிகளில் கட்டின் மேலே ஹெல்பர் என்று இன்னொரு சிறு கட்டு வைக்கிறார்கள். காலியாக இருக்கும்போது அதன் நுனிகள் எதையும் தொடாமல் நிற்கும். சுமை ஏறி சேஸிஸ் இறங்கிய பிறகுதான் பிராக்கெட்டில் முட்டி வேலையைத் தொடங்கும். அதனால் அடிக்கட்டை இளக்கமாகவே வைத்துக்கொள்ள முடிகிறது.

இப்போது நீளக் குறைவுக்கு வருவோம். பத்துப் பட்டைகளையும் ஒரே நீளத்தில் வெட்டி அடுக்கினால் என்ன கெட்டுவிடும்?

திருப்புத்திறன் கட்டின் நீளம் முழுதும் ஒரே அளவில் இல்லை. கண்ணில் அது சுழி. கண்ணிலிருந்து நடுவை நோக்கி வரவர நேர்கோடாகக் கூடி, நடுவில் உச்சம் தொடுகிறது. நடுவிலிருந்து 350 மி.மீ. தள்ளிப் பார்த்தால் பாதிதான் இருக்கும். கண்ணுக்கு 70 மி.மீ. முன்னால் பத்தில் ஒரு பங்குதான். எல்லாப் பட்டைகளும் ஒரே நீளமாக இருந்தால், நடுவில் எஃகு முழு மூச்சோடு உழைத்துக்கொண்டிருக்க, நுனிப்பக்கம் கிடக்கும் எஃகு ஏறக்குறைய சும்மா இருக்கும். சும்மா இருப்பதால் வளையவும் வளையாது. அப்படி ஒரு கட்டைக் கணக்குப் போட்டால், நடுவில் தகைவு அதே 61 கிலோ. தாழ்வு மட்டும் 103-லிருந்து 68 மி.மீ.யாகக் குறைந்துவிடுகிறது. எடையோ 123 கிலோ.

சரியான வடிவம் எது என்பதைக் காகிதத்தில் வரைந்தே கண்டுபிடிக்கலாம். திருப்புத்திறன் எங்கே பாதியோ, அங்கே எஃகின் அகலமும் பாதியாக இருக்கட்டும். எங்கே பத்தில் ஒன்றோ, அங்கே அகலமும் பத்தில் ஒன்றாகட்டும். அப்படிச் செய்தால் எந்த இடத்திலும் தகைவு ஒன்றுதான். 14 மி.மீ. கனத் தகட்டில் இப்படி வரைந்தால் ஒரு சாய்சதுரம் கிடைக்கும்: நடுவில் 800 மி.மீ. அகலம், இரு பக்கமும் கூராகி நுனியில் ஒரு புள்ளி. 800 மி.மீ. அகலமான ஸ்பிரிங்கை லாரிக்கு அடியில் மாட்ட இடமில்லை. ஆகவே அந்தச் சாய்சதுரத்தை நீளவாக்கில் 80 மி.மீ. அகல நாடாக்களாக அறுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடுகிறோம். நடுவில் அறுத்த நாடாக்கள் நீளமாக இருக்கும், ஓரத்தில் அறுத்தவை குட்டையாக இருக்கும். லாரியின் அடியில் நாம் பார்க்கும் படிவரிசை இப்படி வந்ததுதான். பட்டைக்கட்டு என்பது மடித்து வைத்த ஒரு சாய்சதுரத் தகடு.

தகைவு எங்கும் ஒன்று என்றால் வளைவும் எங்கும் ஒன்று. எனவே கட்டு வட்டத்தின் ஒரு வில்லாகவே வளைகிறது. நுனிப்பக்க எஃகும் தன் பங்குக்கு வளைந்து தாழ்வைக் கூட்டுகிறது. கொள்கை அளவில் ஒரே நீளப் பட்டைகளைவிட எடை பாதி, தாழ்வு ஒன்றரை மடங்கு. ஒரு கிலோ எஃகு சேமித்துத் திருப்பித் தரும் ஆற்றல் மூன்று மடங்காகிறது. நடைமுறையில் அந்தப் பாதி எடை கிடைப்பதில்லை, ஏனென்றால் மெயின் பட்டையும் அதற்கு அடுத்ததும் முழு நீளத்தில் இருந்தாக வேண்டும். புள்ளியாகக் கூர்ந்த நுனியில் கண்ணைச் சுருட்ட முடியாது. மெயின் பட்டை உடைந்தால் ஆக்சில் கழன்று போகாமல் பிடித்துக்கொள்ள இரண்டாவது பட்டையும் வேண்டும். நம் கட்டில் இரண்டு பட்டைகள் 1,400 மி.மீ., மற்ற எட்டும் 1,260-லிருந்து 140, 140-ஆகக் குறைந்து கடைசிப் பட்டை 280 மி.மீ. என்று வைத்தால், எடை சுமார் 79 கிலோ. ஒரு பக்கத்துக்கு 44 கிலோ மிச்சம்.

முழு நீளப் பட்டைகள் இப்படி உள்ளே வந்ததும் ஒரு சிக்கலும் சேர்ந்து வருகிறது. அவற்றின் நுனிப்பக்கம் வளைய மறுப்பதால், மற்றவற்றோடு சேர்ந்து அதே அளவு தாழ வேண்டுமானால் அவை நடுவில் அதிகம் வளைய வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்டால், முழு நீளப் பட்டைகளின் தகைவு மற்றவற்றைவிட ஒன்றரை மடங்காகும். அது நடக்கக் கூடாத இடம் மெயின் பட்டைதான். சுமையைத் தாங்குவதோடு அதன் வேலை முடிவதில்லை. ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிப்பது, பிரேக் போடும்போது ஆக்சில் சுழல முயல்வதைத் தடுப்பது, வளைவில் பக்கவாட்டு விசையைத் தாங்குவது எல்லாம் அதன் கண்கள் வழியாகத்தான் நடக்கின்றன.

இதற்குத் தீர்வு, பட்டைகளை ஒரே வளைவில் செய்யாமல் விடுவது. புதுக் கட்டு ஒன்றின் சென்டர் போல்ட்டை இறுக்குவதற்கு முன் பார்த்தால், ஒவ்வொரு பட்டைக்கும் அதற்கு மேலே உள்ளதற்கும் நடுவில் சில மில்லிமீட்டர் சந்து தெரியும். கீழ்ப்பட்டை மேல்பட்டையைவிடக் கூடுதலாக வளைக்கப்பட்டிருக்கும். நுனிகள் தொடும், நடு தொடாது. போல்ட்டை முறுக்க முறுக்க அந்தச் சந்து மூடுகிறது. அப்போது கீழ்ப்பட்டைகள் கொஞ்சம் நிமிர்கின்றன, மெயின் பட்டை இன்னும் கொஞ்சம் வளைகிறது. சுமை ஏறும்போது மெயின் பட்டை நிமிரப் போகிறது. அதற்கு எதிர்த்திசையில் அது முன்கூட்டியே வளைக்கப்பட்டுவிட்டது. ஆகவே முழுச் சுமையிலும் அதன் தகைவு மற்றவற்றைவிடக் குறைவாகவே நிற்கும். கூடவே, குட்டைப் பட்டைகளின் நுனிகள் எப்போதும் மேல்பட்டையை அழுத்தித் தொட்டுக்கொண்டிருக்கும். சுமை ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு இறங்குவது அந்த நுனிகள் வழியாகத்தான். பழைய பட்டைகளோடு ஏதோ ஒரு வண்டியின் பட்டையைச் சேர்த்துக் கட்டுகிறவர்கள் இந்தச் சந்தைக் கவனிப்பதில்லை. வளைவு குறைந்த பட்டை ஒன்று உள்ளே போனால், அதன் நுனி தொடாது. நுனி தொடாத பட்டை சுமை வாங்காது. பார்வைக்குப் பத்துப் பட்டை, வேலைக்கு ஒன்பது.

ஒன்பது பட்டை என்றால் மீதமுள்ளவற்றின் தகைவு 61-லிருந்து 68 கிலோவாக ஏறுகிறது. பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் உலோகச் சோர்வு நேர்விகிதத்தில் நடப்பதல்ல. திரும்பத் திரும்ப வளையும் எஃகில் தகைவு பத்து சதவீதம் கூடினால் ஆயுள் பாதியாகவும் குறையக்கூடும். ஒரு பட்டை உடைந்த கட்டில் அடுத்த பட்டை சீக்கிரமே உடைவது இதனால்தான். 2018 ஜூலையில் பின் ஆக்சிலின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. பழைய கணக்குக்குச் செய்த நம் கட்டின் மேல் அந்தப் புதிய சுமையை ஏற்றினால் தகைவு 70 கிலோவாகும். தாள் அனுமதித்துவிட்டது என்பதற்காக எஃகு அனுமதித்துவிடாது.

சாலையில் ஓடும்போது இந்த எண்கள் இன்னும் ஏறும். பள்ளத்தில் விழுந்து கட்டு மேலும் 60 மி.மீ. தாழ்ந்தால், தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 97 கிலோ. நிரந்தரமாக வளையும் எல்லை இனி அதிக தூரத்தில் இல்லை. அதைத் தாண்டவிடாமல்தான் சேஸிஸில் ரப்பர் ஸ்டாப்பர் வைக்கிறார்கள். அது கழன்று விழுந்த வண்டியை அப்படியே ஓட்டுவது, பட்டைக்கு இருந்த ஒரே வேலியை எடுத்துவிட்டு ஓட்டுவது. எதிர்ப்பக்கமும் ஓர் ஆபத்து உண்டு. சக்கரம் மேட்டைத் தாண்டிக் கீழே தொங்கும்போது, ஆக்சிலின் எடை முழுவதையும் மெயின் பட்டை மட்டுமே பிடித்திருக்கும். குட்டைப் பட்டைகள் அதைவிட்டு விலகிவிடும். அவற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளத்தான் பக்கங்களில் கிளாம்ப் போட்டிருக்கிறார்கள். கிளாம்ப் உடைந்தால் சுமையே ஏற்றாத வண்டியிலும் மெயின் பட்டை உடையலாம்.

பலம் கூட வேண்டும் என்று கனமான பட்டை ஒன்றைச் சேர்ப்பவர்களுக்கு இந்த வளைவுக் கணக்கு ஒரு எச்சரிக்கை. 14 மி.மீ. பட்டைகளுக்கு நடுவில் 16 மி.மீ. பட்டை ஒன்றை வைத்தால், அதுவும் மற்றவற்றோடு அதே வளைவுக்குத்தான் வளைந்தாக வேண்டும். தகைவு கனத்தோடு கூடும் என்று பார்த்தோம். ஆகவே அந்தக் கனமான பட்டைக்குத் தகைவு 14 சதவீதம் அதிகம். ஒன்றரை மடங்கு சுமையை அது தன்மேல் இழுத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு முன்பாகத் தானே உடையும். பலமானது முதலில் உடைவது விசித்திரமாகத் தோன்றலாம். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. அதே போல, தொய்ந்த பட்டையை கேஸில் சூடேற்றி வளைத்து மாட்டுவதும் வீண் வேலை. பட்டை எஃகை 850 டிகிரிக்கு மேல் சூடாக்கி, எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி, பிறகு 450, 500 டிகிரி அளவில் பதப்படுத்துகிறார்கள். ஒரு நிமிடத் தீயில் அந்தப் பதம் போய்விட்டால், மிஞ்சுவது வளைந்த இடத்திலேயே நின்றுவிடும் இரும்பு.

உடைந்த பட்டையைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் முறிவு முகத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு நிறம் இருக்கும். மேல் ஓரத்தில் கருத்தோ துருவேறியோ, வழவழப்பாக ஒரு பகுதி: அங்கே விரிசல் பல நாளாக மெல்ல வளர்ந்திருக்கிறது. மீதி சொரசொரப்பாக, புதிதாகப் பளபளக்கும்: அது கடைசிப் பள்ளத்தில் ஒரே நொடியில் முறிந்தது. கருத்த பகுதி பெரிதாக இருந்தால், நல்ல பரிசோதனை ஒன்றில் அந்த விரிசலை முன்பே கண்டுபிடித்திருக்கலாம். முறிந்த இடமும் ஒரு சாட்சி. யூ போல்ட்டின் விளிம்பை ஒட்டி முறிந்திருந்தால் அது உச்சத் தகைவின் இடம். அதிகச் சுமையையும் ஓடிய ஓட்டத்தையும் சந்தேகிக்கலாம். சென்டர் போல்ட் துளை வழியாக முறிந்திருந்தால் காரணம் வேறு. யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை துளை இருக்கும் இடம் வளைவதே இல்லை. அது தளர்ந்தால் வளைவு உள்ளே புகுந்து, எஃகு குறைந்திருக்கும் துளையிலேயே வந்து நிற்கும். தளர்ந்த யூ போல்ட் அதற்கு மேலும் செய்யும்: சென்டர் போல்ட் அறுந்து, ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நேராகப் போகும்போதே கோணலாகப் போகும். பின்னால் வருகிற வண்டிக்காரர் அதை முதலில் பார்த்துவிடுவார்.

இப்போது பல லாரிகளில், முக்கியமாக முன் ஆக்சிலில், இரண்டு மூன்று பட்டைகள் மட்டுமே உள்ள பாராபோலிக் கட்டு வருகிறது. கொள்கை பழையதுதான்: தகைவு எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அகலத்தைக் குறைப்பதற்குப் பதில், ஒவ்வொரு பட்டையின் கனத்தையே நடுவிலிருந்து நுனிவரை குறைத்துக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு பட்டையும் தானே முழுமையான வடிவமாகிவிடுவதால் படிவரிசை தேவையில்லை. பட்டைகள் நடுவிலும் நுனியிலும் மட்டுமே தொடுவதால் உராய்வு குறைவு, எடையும் குறைவு. உராய்வு தந்த அடக்கத்தை இழந்ததால் நல்ல ஷாக் அப்சார்பர் கட்டாயம். இரண்டு மூன்று பட்டைகளே என்பதால் ஒன்று உடைந்தால் இழப்பும் பெரிது. அதிகச் சுமை ஏறும் பின் ஆக்சிலில் பழைய பல பட்டைக் கட்டு இன்னும் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லாரி வைத்திருப்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டை மாற்றும்போது அதே கனம், அதே வளைவு உள்ள பட்டையையே போடுங்கள். எதிர்ப்பக்கக் கட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். கட்டைப் பிரித்து மாட்டிய பிறகு பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து அமர்வதால் யூ போல்ட்டின் இறுக்கம் குறையும். ஆகவே முதல் சில நூறு கிலோமீட்டருக்குள், வண்டி சுமையோடு நிற்கும்போது, யூ போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு மறுபடி முறுக்கிவிடுங்கள்.